தடுக்கப்பட்ட கோரிக்கைகள்

குளியலறைக் குழாய் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அங்கிருந்த ஏ.சி. குளிர வைத்ததைவிட ஒழுகியதுதான் அதிகம். அதற்குக் கீழே ஒரு வாளி. நிரம்பினால் யார் எடுத்துப்போய்க் கொட்டுவது என்று தினமும் ஒரு மௌனப் போட்டி நடக்கும். தினமும் டீச்சர்தான் தோற்பாள்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் அல்ல, புரோகிராம் எழுதுகிறவள். திரையில் விரலை வைத்து வரி வரியாக வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்குத் தப்பு கண்ணில் படும். அந்தப் பழக்கத்தால் வந்த பெயர் அது. பக்கத்து மேசைக்காரனுக்கு ‘ஏற்கெனவே’ என்று பெயர். எதைக் கேட்டாலும் “அதை ஏற்கெனவே பண்ணியாச்சு” என்பான். பாதி நேரம் பண்ணியும் இருப்பான் என்பதுதான் எரிச்சல். இவர்கள் இருவருக்கும் மேலே முதலாளி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து யாரிடமாவது போனில் “பண்ணிடலாம், பண்ணிடலாம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பண்ண வேண்டியவர்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள்.

அன்று டீச்சருக்கு உடம்பு முழுக்க அலுப்பு. அம்மா கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்தாள். இரவெல்லாம் சொட்டு மருந்து விட டீச்சர், பகலில் தங்கை. தங்கைக்குத் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மத்தியானத்திலிருந்தே “எப்பக்கா வருவே?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்றுதான் டீச்சரும் இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆலோசகரின் போன் வந்தது.

ஆலோசகர் ஒரு சட்ட உதவி மையத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் அங்கே வருவார்கள், வர முடியாதவர்கள் இணையத்தில் வருவார்கள். அவர்களுக்கான தளத்தைத்தான் இந்த அலுவலகம் எழுதிப் பராமரித்தது. ஆடம்பரம் ஏதுமில்லாத தளம். பழைய கணினியிலும் ஓட வேண்டும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் சர்வரிலேயே முழுதாகத் தயாராகி வரும். அப்படி வருகிற பெண் உள்ளே நுழைந்து தன் வாக்குமூலத்தை எழுதலாம், ஆலோசகர் சொல்லும் பதிலைப் படிக்கலாம், கிளம்பும் நாள் வந்தால் எங்கே போக வேண்டும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் முக்கியம். ஏனென்றால் அவள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அடிக்கிறவனுடைய கணினி முன்னால்.

“டீச்சர்ம்மா, ஒரு பிரச்சினை,” என்றார் ஆலோசகர். குரலில் அவசரம் இல்லை. வருடக்கணக்காக அவசரத்திலேயே இருப்பவர்களுக்கு அது தேய்ந்து போயிருக்கும். “ஒரு பொண்ணு இன்னைக்குக் கிளம்பிட்டா. குழந்தையைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. கிளம்புறதுக்கு முன்னாடி லாக்அவுட் பண்ணினாளாம். ஏதோ தப்பு வந்துச்சுன்னு சொல்றா. வெளியே வந்தேனா இல்லையான்னே தெரியலைங்கிறா.”

“என்ன தப்புன்னு சொன்னாங்களா அக்கா?”

“அது அவளுக்கு எங்கம்மா தெரியும்? மாமியார் மாடியிலேருந்து இறங்கி வர்ற சத்தம் கேட்டிருக்கு. பயத்துல அப்படியே விட்டுட்டு வந்துட்டா. புருஷன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்காருவானாம்.”

“அவங்க நம்பர் குடுங்க, நானே பேசறேன்.”

“செல்லை வீட்டுலயே வச்சிட்டு வரச் சொன்னதே நான்தான். எங்கே போனாலும் அவன் அதை வச்சுக் கண்டுபிடிச்சிடுவான். ஒரு கடையிலேருந்து பேசினா. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மறுபடியும் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கா. அதுக்குள்ள நான் ஏதாவது பதில் சொல்லணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு ஆலோசகர் சொன்னார்: “வேணும்னா திரும்பிப் போய் அணைச்சிட்டு வந்துடறேங்கிறா.”

“போகக் கூடாதுன்னு சொல்லுங்க. நான் இப்பவே பாக்கறேன்,” என்று டீச்சர் போனை வைத்தாள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இந்தத் தளத்தின் பாதுகாப்பை டீச்சர் மொத்தமாகச் சீர்படுத்தியிருந்தாள். மையத்துக்கு நிதி தருகிறவர்கள் தணிக்கை செய்ய ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனதன் விளைவு அது.

உள்ளே நுழைந்ததும் சர்வர் உலாவியிடம், அதாவது பிரவுசரிடம், ஒரு குக்கீ கொடுக்கும். சைக்கிள் ஸ்டாண்டில் தரும் சீட்டு போல அதில் ஒரு நீண்ட எண் மட்டும் இருக்கும். அந்த எண் யாருடையது என்பது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சர்வர் வைத்திருக்கும் செஷன் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் உலாவி அந்தச் சீட்டைக் காட்டும். டீச்சர் அந்தக் குக்கீயைப் பக்கத்தில் ஓடும் எந்த நிரலும் படிக்க முடியாதபடி செய்தாள். மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அது போகும்படி செய்தாள். வேறு தளத்திலிருந்து யாராவது படிவத்தை அனுப்பினால் அதோடு ஒட்டிக்கொண்டு வராதபடியும் செய்தாள். நுழையும்போது பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது எண் கொடுத்தாள்.

அடுத்தது படிவங்கள். வேறொரு தளம் உள்ளே இருக்கும் பெண்ணின் பெயரில் திருட்டுத்தனமாக ஒரு படிவத்தை அனுப்பிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கன் வைத்தாள். அது கூடவே வந்தால்தான் சர்வர் ஏற்கும், இல்லையென்றால் போலி என்று திருப்பி அனுப்பிவிடும். முன்பு வெறும் இணைப்பாக இருந்த ‘வெளியேறு’ என்பதையும் டோக்கன் வைத்த படிவமாக மாற்றினாள். இணைப்பாக இருந்தபோது சில உலாவிகள் அதை முன்கூட்டியே திறந்து பார்த்து, எழுதிக்கொண்டிருந்தவர்களைத் தாமாகவே வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

எல்லாமே புத்தகத்தில் சொன்னபடி. தணிக்கைக்காரர் தலையாட்டினார். முதலாளி எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கித் தந்தார்.

யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவுகளை டீச்சர் திறந்தாள். ஆலோசகர் சொன்ன பயனர் பெயரை வைத்துத் தேடினாள். விரலை வைத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

“காலையில உள்ள வந்திருக்காங்க. செய்தியைப் படிச்சிருக்காங்க. தங்குமிடம் பக்கத்தைத் திறந்திருக்காங்க. அப்புறம் ஒண்ணும் இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல...”

“சமையல் பண்ணியிருப்பாங்க,” என்றான் ஏற்கெனவே, தன் திரையைப் பார்த்தபடியே.

“அப்புறம் மத்தியானம் வெளியேறு. மறுக்கப்பட்டது. காரணம், டோக்கன் காலாவதி.”

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. ஏற்கெனவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

டோக்கனுக்கு ஆயுள் ஒரு மணி நேரம். தணிக்கைக்காரர் கேட்டது அது. குக்கீக்கு ஆயுள் ஒரு வாரம். மையத்து ஆட்கள் கேட்டது அது. திரும்பத் திரும்ப கடவுச்சொல் போட்டு மாளவில்லை என்று அவர்கள் அழுதிருந்தார்கள். இரண்டுக்கும் சரி என்று சொன்னவள் டீச்சர்தான். ஆனால் வேறு வேறு நாளில் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அடுப்படிக்குப் போய்விட்டு வருகிற பெண் வெளியேறு பொத்தானை அழுத்தினால், சர்வர் அவளைப் போலி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். அவளை உள்ளே வைத்துச் சாத்திவிடும்.

“லாக்அவுட்டை டெஸ்ட் பண்ணினோமே,” என்றான் ஏற்கெனவே. வழக்கமான சொல்லைக் கூடச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“பண்ணினோம். உள்ள போனோம், உடனே வெளிய வந்தோம். ‘வெளியேறிவிட்டீர்கள்’னு பக்கம் வந்துச்சு. டிக் போட்டோம். நடுவுல யாரு சமைச்சா?”

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். குக்கீ அந்த வீட்டில் இருந்தால் இருக்கட்டும். சீட்டு அவனிடம் இருந்தாலும் ஸ்டாண்டில் அந்த எண்ணே இல்லை என்றால் என்ன செய்வான்? சர்வரின் செஷன் பட்டியலுக்குப் போய் அந்தப் பயனருக்குச் சொந்தமான எல்லா வரிகளையும் அழித்தாள். பிறகு சோதனைக் கணக்கு ஒன்றில் நுழைந்து, அதன் வரியையும் அதே போல் அழித்து, பழைய குக்கீயோடு பக்கத்தைக் கேட்டுப் பார்த்தாள். சர்வர் நுழைவுப் பக்கத்துக்கு விரட்டியது. நன்றாகவே விரட்டியது. மூச்சு வந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். “மையத்துலேருந்து எனக்கும் போன் பண்ணினாங்க. என்ன ஆச்சு?”

“செஷனை அழிச்சிட்டேன் சார். இனிமே அந்தக் கம்ப்யூட்டர்லேருந்து எதையும் திறக்க முடியாது.”

“அவ்வளவுதானே? சரியாயிடுச்சுன்னு சொல்லிடறேன்.” அவர் போனை எடுத்துக்கொண்டே உள்ளே போனார்.

டீச்சரின் செல்லில் தங்கையின் செய்தி வந்திருந்தது. ‘அம்மா கண்ணைக் கசக்கறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா.’ கிளம்பிவிடலாம்தான். பையைக் கூட எடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அவளுக்கு அந்தப் பெண்ணைவிடத் தன் படுக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவளை அதற்காகக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் பழக்கதோஷம். எழுந்துகொண்டே கடைசி வரியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். “வெளியேறு. மறுக்கப்பட்டது. அதுக்கப்புறம்... அதுக்கப்புறம் வரியே இல்ல.”

பையோடு அப்படியே உட்கார்ந்தாள். மறுப்பு வந்ததும் அந்தப் பெண்ணின் திரையில் ஒரு தப்புப் பக்கம் வந்திருக்கும். அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு எழுந்தாளா, இல்லை பின்னால் போகும் பொத்தானை அழுத்தினாளா? பின்னால் போயிருந்தால் உலாவி தன் நினைவில் வைத்திருந்த பழைய பக்கத்தை அப்படியே எடுத்துக் காட்டும். சர்வரைக் கேட்கவே கேட்காது. பதிவிலும் ஒரு தடயம் இருக்காது. பக்கங்களை நினைவில் வைக்காதே என்று உலாவிக்குச் சொல்லும் ஒரு வரி உண்டு. அதைப் போட வேண்டும் என்று இரண்டு வாரமாக அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். தலைக்கு மேல் வேலை.

ஆலோசகரை அழைத்தாள். “அக்கா, அந்தப் பொண்ணு மறுபடியும் கூப்பிட்டாங்களா?”

“இப்ப லைன்லதான் இருக்கா. உங்க சார் சரியாயிடுச்சுன்னு சொன்னாரே, அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவங்க எழுந்திரிக்கும்போது திரையில என்ன இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஆலோசகர் இன்னொரு போனில் கேட்பது மங்கலாகக் கேட்டது. பஸ்ஸின் ஹாரன் கூட அந்தப் போன் வழியாக இந்தப் போனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஏதோ சிவப்பு எழுத்துல வந்துச்சாம். பயந்து போய்ப் பின்னாடி அம்புக்குறியை அழுத்தினாளாம். பழைய பக்கம் வந்துடுச்சாம். அதுக்குள்ள மாமியார் வந்துட்டாங்களாம். திரையோட பட்டனை அணைச்சிட்டு எழுந்துட்டாளாம். கம்ப்யூட்டரை அணைக்கலை. திரையை மட்டும்.”

“பழைய பக்கம்னா...”

“தங்குமிடம் பக்கம்,” என்றார் ஆலோசகர். அவருக்கும் புரிந்துவிட்டது. “ஏம்மா, அதான் அழிச்சிட்டீங்களே?”

“அவங்க செஷனைத்தான் அழிச்சேன் அக்கா. இனிமே அவன் எதை அழுத்தினாலும் திறக்காது. வாக்குமூலம், நீங்க எழுதின பதில், ஒண்ணும் கிடைக்காது. ஆனா முன்னாடியே அங்க போய்ச் சேர்ந்த பக்கத்தை நான் இங்கேருந்து திரும்ப வாங்க முடியாது. அது அவன் வீட்டுல இருக்கு. திரையைப் போட்டதும் முதல்ல அதுதான் தெரியும்.”

“எதுவும் பண்ண முடியாதா? நீங்கதானே எழுதினீங்க?”

டீச்சர் உண்மையாகவே யோசித்தாள். பக்கம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தானாகவே சர்வரைக் கேட்கும்படி ஒரு வரி எழுதியிருந்தால், இப்போது அது வந்து கேட்கும், நுழைவுப் பக்கத்துக்கு விரட்டிவிடலாம். அப்படி ஒரு வரி இல்லை. நாளைக்கு இருக்கும். இன்றைக்கு இல்லை. “முடியாது அக்கா,” என்றாள். இந்த வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இதற்குள் முதலாளி வெளியே வந்து கையால் ஜாடை காட்டினார். டீச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். “சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிட்டேனேம்மா,” என்றார் தணிந்த குரலில். “இப்ப போய் இல்லைன்னா நல்லாவா இருக்கும்? அந்தாளு திரையைப் பாப்பானா மாட்டானா, நமக்கு என்ன தெரியும்? பவர் கூடப் போயிருக்கலாம்.”

“போகாமலும் இருக்கலாம் சார்.”

“காண்ட்ராக்ட் புதுப்பிக்கற மாசம்மா.”

டீச்சர் அவரைப் பார்த்தாள். கெட்ட மனிதர் இல்லை. அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி வரை கார் அனுப்பியவர். ஆனால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். அவரோடு சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. அதனால் சண்டை போடாமல், கையைப் போனிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினாள்.

“அக்கா, அந்த அட்ரஸ் அவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னே வச்சுக்குங்க. அவங்க அங்க போகக் கூடாது. வீட்டுக்குத் திரும்பிப் போய் அணைக்கவும் கூடாது. வேற இடம் பாருங்க.”

“வேற இடமா?” ஆலோசகர் சிரித்தார். சந்தோஷத்தில் வந்த சிரிப்பல்ல. “ஒரு கட்டிலுக்கு நான் யார் யார் கால்ல விழுந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்ம்மா? இனிமே வேற ஊர்லதான் கேக்கணும். குழந்தையோட ராத்திரி முழுக்கப் போகணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிச்சயமா அவன் பாப்பானா?”

“நிச்சயமா தெரியாது.”

“தெரியாமலா சொல்றீங்க?”

“பாக்க மாட்டான்னு என்னால சொல்ல முடியலை அக்கா. அதனாலதான் சொல்றேன்.”

பிறகு ஆலோசகர் இன்னொரு போனில் சொல்வது கேட்டது: “கண்ணு, நீ அந்த பஸ்ல ஏறாதே. அங்கேயே கடைக்குள்ள உக்காரு. நான் வேற ஏற்பாடு பண்ணிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போக நானே வர்றேன்.”

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் தங்கைக்குப் போன் செய்து, தான் வர நேரமாகும் என்றாள். தங்கை கோபித்துக்கொண்டாள். “எப்பவும் இதேதான். உன் ஆபீஸ்தான் உனக்குப் பெருசு. அவ எனக்கு மட்டும்தான் அம்மாவா?” என்றாள். தங்கை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு பதிவுகளில் மறுக்கப்பட்ட வெளியேற்றங்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தாள். இந்த ஒரு பெண் மட்டும்தானா என்று பார்க்கத்தான். திரை நிரம்பி, கீழேயும் ஓடியது.

“இது...” என்று ஆரம்பித்து நிறுத்தினான் ஏற்கெனவே.

அந்த எண்ணிக்கையை இருவரும் முன்பே பார்த்திருந்தார்கள். வாரா வாரம் மையத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு பெட்டி உண்டு. ‘தடுக்கப்பட்ட போலிக் கோரிக்கைகள்.’ டோக்கன் வைத்த பிறகு அந்த எண் மளமளவென்று ஏறியிருந்தது. முதலாளி அதைப் பெரிதாக்கி, பச்சை வண்ணம் பூசி, தணிக்கைக்காரருக்கே காட்டியிருந்தார். எவ்வளவு பேர் தாக்க வந்திருக்கிறார்கள், எல்லாரையும் தடுத்துவிட்டோம் என்று பெருமை. டீச்சருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

தாக்க யாரும் வரவில்லை. விரலை வைத்துப் படிக்கப் படிக்கத் தெரிந்தது. எல்லாம் அந்தந்தப் பெண் உள்ளே நுழைந்த அதே கணினியிலிருந்து வந்தவை. வெளியேறு, மறுக்கப்பட்டது. வெளியேறு, மறுக்கப்பட்டது. ஒருத்தி அடுத்தடுத்து நாலைந்து தடவை அழுத்தியிருந்தாள். ஒருவரும் புகார் சொல்லவில்லை. இந்தத் தளத்துக்கு வருகிறவர்கள், தப்பு நடந்தால் அது தங்கள் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகியவர்கள்.

டீச்சருக்கு அழுகை வந்தது. அழ வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், ஏற்கெனவே ஆறுதல் சொல்லுவான், அதைக் கேட்க வேண்டும். அந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள்.

“மொதல்ல வெளியேறுதலை மாத்தலாம்,” என்றாள். “டோக்கன் பழசானாலும் சரி, இல்லைன்னாலும் சரி. வெளியேறுன்னு வந்தா செஷனை அழிச்சிடு. கேள்வியே கேக்காதே.”

“அப்ப எவனாவது வேற சைட்லேருந்து ஏமாத்தி லாக்அவுட் பண்ண வச்சிட்டான்னா?”

“வெளி சைட்லேருந்து படிவம் வந்தா நம்ம குக்கீதான் கூட வராதே. அப்படியே ஏதோ வழியில வந்தாலும் என்ன நஷ்டம்? வெளிய போயிடுவாங்க. மறுபடியும் கடவுச்சொல் போட்டு உள்ள வரலாம். உள்ளயே மாட்டிக்கிட்டா?”

அவன் வாதம் செய்யவில்லை. எழுத ஆரம்பித்தான். வெளியேறும்போது சர்வரில் உள்ள வரியை அழிப்பது, உலாவியில் இருக்கும் குக்கீயையும் காலாவதியாக்குவது, தளத்தின் எந்தப் பக்கத்தையும் நினைவில் வைக்காதே என்று உலாவிக்குச் சொல்வது, கொஞ்ச நேரம் கை படாமல் கிடந்தால் பக்கம் தானாகவே வேறெங்காவது போய்விடுவது. மற்றப் படிவங்களில் டோக்கன் இருக்கும். ஆனால் அது பழசாகிப்போனால் எழுதியதைத் தூக்கிப் போடாமல், புது டோக்கனோடு அதே படிவத்தைத் திரும்பக் காட்டி, மீண்டும் அனுப்பச் சொல்ல வேண்டும். குக்கீயின் ஆயுள் ஒரு வாரத்திலிருந்து கீழே இறங்கியது. மையத்து ஆட்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

டீச்சர் சோதனையை எழுதினாள். இந்த முறை ‘வெளியேறிவிட்டீர்கள்’ என்ற பக்கத்தை அவள் நம்பவில்லை. உள்ளே போ. டோக்கன் செத்துப்போகும் வரை கடிகாரத்தைத் தள்ளி வை. வெளியேறு. பிறகு பழைய குக்கீயை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து தங்குமிடம் பக்கத்தைக் கேள். நுழைவுப் பக்கம் வந்தால்தான் தேறினாய். பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தாள், தோற்றது. புதியதில் ஓட்டினாள், தேறியது. சர்வரில் ஏற்றினார்கள்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. ஏற்கெனவேயும் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று அவளும் கேட்கவில்லை. இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து, பதிவுகள் ஒவ்வொரு வரியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ உள்ளே வந்தார்கள். யாரோ வெளியே போனார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதைப் பார்த்தபோது கூட இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பதிவில் செஷன் எண்ணை அப்படியே எழுத மாட்டார்கள். அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சின்னக் குறியைத்தான் எழுதுவார்கள். அந்தப் பெண்ணின் குறி டீச்சருக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. அது வராமலே போய்விட வேண்டும் என்று நினைத்தாள். வராமல் போனால், குழந்தையோடு ஒருத்தியை இரவெல்லாம் வீணாக அலைய விட்டவள் தான்தான் என்றும் தெரியும். இருந்தாலும் வராமலே போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

வந்தது.

டீச்சர் அந்த வரியில் விரலை வைத்தாள். ஏற்கெனவேதான் படித்தான். “வாக்குமூலம் பக்கத்தைக் கேட்டிருக்கு. செஷன் இல்ல. நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பிடுச்சு.” அவன் கண் வரியின் கடைசிக்குப் போனது. எந்தப் பக்கத்தில் இருந்தபடி அழுத்தினார்கள் என்று உலாவி சொல்லும் இடம் அது. “தங்குமிடம் பக்கத்துலேருந்து.”

பார்த்துவிட்டான். ஊரும் தெருவும் பஸ்ஸும், அங்கே போய் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்தில் இருந்தன. எல்லாவற்றையும் படித்துவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று அடுத்த இணைப்பை அழுத்தியிருக்கிறான்.

அடுத்த வரி, நுழைய முயற்சி, தவறான கடவுச்சொல். அதற்கடுத்ததும் தவறான கடவுச்சொல். அவன் என்னென்ன போட்டுப் பார்த்தான் என்பதைப் பதிவு சொல்லாது. சொல்லக் கூடாது என்று எழுதியதும் டீச்சர்தான். ஒரு கட்டத்தில் தளம் அந்தக் கணக்கைப் பூட்டியது. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. அவன் கணினியை விட்டு எழுந்துவிட்டான். எங்கே கிளம்பியிருப்பான் என்பது இருவருக்கும் தெரியும்.

டீச்சர் ஆலோசகரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுத்ததும் வண்டி ஓடும் இரைச்சல் கேட்டது.

“அக்கா, பாத்துட்டான். இப்பத்தான்.”

“பாக்கட்டும்மா,” என்றார் ஆலோசகர். பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பது போல மெதுவாகத்தான் பேசினார். “அவன் போற எடத்துல அவ இல்ல.”